உங்கள் பெயரின் புள்ளியை நாங்கள் ஏன் நகர்த்துகிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பெயர் கீசெயினுக்கு ஆர்டர் வந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு மாதிரிப் படம் அனுப்புகிறோம். அதைப் பார்த்த பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "நான் அனுப்பின எழுத்து இப்படி இல்லையே! புள்ளி ஏன் எழுத்தோட ஒட்டிக்கிட்டு நிக்குது? வ-வுக்குள்ள எதுக்கு ஒரு கோடு?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே மடலில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் 3டி பிரிண்டரின் நாசில் துளை 0.4 மி.மீ. ஜாங்கிரி பிழிவதுபோல, உருகிய பிளாஸ்டிக்கை அது இழை இழையாக வைத்துக்கொண்டே போகும். ஓர் இழையின் அகலம் ஏறக்குறைய 0.45 மி.மீ., ஒரு லேயரின் உயரம் 0.2 மி.மீ. எழுத்தின் கோட்டில் குறைந்தது இரண்டு இழையாவது அருகருகே ஓட வேண்டும். அதற்கும் மெலிந்த கோட்டை, வடிவத்தை லேயர் லேயராகப் பிரித்துப் பிரிண்டருக்குக் கொடுக்கும் ஸ்லைசர் மென்பொருள் சில சமயம் சத்தமில்லாமல் விட்டுவிடும். திரையில் இருந்த கோடு கையில் வரும்போது காணாமல் போயிருக்கும். அதனால்தான் மெல்லிய, கையெழுத்து பாணி ஃபான்ட்களை நாங்கள் தடிப்பாக்குகிறோம். தடிப்பாக்கினால் சுழிகளுக்குள் இருக்கும் இடம் குறையும். கோட்டின் இரு பக்கமும் 0.3 மி.மீ. சேர்த்தால், சுழியின் உள்வெளி 0.6 மி.மீ. சுருங்கிவிடும். 'ண' போன்ற நெருக்கமான எழுத்து உள்ள பெயரென்றால், "எழுத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடலாமா?" என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான்.

இனி 'கயல்விழி' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். எழுத்தின் உயரம் 12 மி.மீ., தடிமன் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் வகை, பின்பலகை இல்லாமல் எழுத்து மட்டும். தமிழ் எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்பவை. அப்படியே அச்சடித்தால் க, ய, ல, வி, ழி என்று ஐந்து துண்டு வரும். ல்-இன் புள்ளி ஆறாவதாகத் தனியே உருண்டு ஓடும். எழுத்துகளை நெருக்கித் தொட வைத்தால் போதாதா என்றால், போதாது. வளைவும் வளைவும் ஒரு முனையில் மட்டும் தொட்டுக்கொண்டால் அந்த இடம் சாவிக்கொத்தோடு பையில் இழுபடும்போதே ஒடிந்துவிடும். இணைப்பு 2 மி.மீ. அகலமாவது இருக்க வேண்டும். அதனால் எழுத்துகளின் அடிவரிசையில், பின்பக்கமாக, 1.2 மி.மீ. தடிமனில் ஒரு பட்டை ஓடவிடுகிறோம். அது எழுத்தைவிடத் தாழ்ந்து இருப்பதால், முன்னாலிருந்து பார்க்கும்போது கண்ணை உறுத்தாது; ழ-வின் வாலும் தெளிவாகத் தெரியும். புள்ளிக்கும் இதே வைத்தியம்தான். பின்பக்கம் ஒரு சின்னக் கழுத்து கொடுப்போம், அல்லது புள்ளியைக் கொஞ்சம் கீழே இறக்கி எழுத்தின் தலையில் உட்கார வைப்போம். எனக்குப் பிடித்தது இறக்கி வைப்பதுதான். கழுத்து மெலிந்தால் முதலில் போவது புள்ளி. புள்ளி போனால் கயல்விழி 'கயலவிழி' ஆகிவிடும்.

இரண்டாவது வகை, பலகையில் எழுத்தை வெட்டி எடுப்பது. இங்கே கதை தலைகீழ். புள்ளி வெறும் துளையாகிவிடுவதால் அதைப் பற்றிக் கவலையே இல்லை. எழுத்துகள் பிரிந்து நிற்பதும் நல்லதுதான், நடுவில் பலகை மிஞ்சும். சிக்கல் எல்லாம் சுழிகளில். க-வின் சுழி, வ-வின் சுழி, ழ-வில் மூடிய பாகம், இவற்றின் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் எதையும் பிடித்துக்கொள்ளாமல் தீவாக நிற்கும். அச்சு முடிந்து பலகையை எடுத்தால் தீவுகள் பிரிண்டரின் மேடையிலேயே தங்கிவிடும். ல-வின் சுழி சில ஃபான்ட்களில் மூடியிருக்கும், சிலவற்றில் திறந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். புள்ளியை வளையமாகப் போடும் ஃபான்ட் என்றால் அதற்குள்ளும் ஒரு தீவு உண்டு.

நீங்கள் கேட்ட அந்தக் கோடு, தீவைப் பலகையோடு கட்டிப்போடும் பாலம். அகலம் 1.5 மி.மீ. தீவு பெரிதாக இருந்தால் எதிரெதிரே இரண்டு போடுவோம், ஒன்று மட்டும் இருந்தால் தீவு ஆடும். பாலத்தை எங்கே போடுவது என்பதில்தான் எங்கள் நேரம் போகிறது. ழ-வின் வாலுக்குக் குறுக்கே போட்டால், வால் துண்டாகித் தூரத்திலிருந்து 'மி' என்று படிப்பார்கள். ஆகவே வாலைத் தொடாமல், மேற்பாகத்தில் கோடு வளையும் இடத்தில் போடுகிறோம். பாலத்துக்கும் முழுத் தடிமன் தருவதில்லை. மேடையை ஒட்டிய அடிப்பாதியில் மட்டும் வைத்தால், முன்னாலிருந்து பார்க்கும்போது அது பள்ளத்துக்குள் நிழலாகத்தான் தெரியும்.

மூன்றாவது, நாங்கள் அதிகம் பரிந்துரைக்கும் வகை: 2 மி.மீ. பலகையும் அதன்மேல் வேறு நிறத்தில் 1 மி.மீ. எழும் எழுத்தும். பலகை எழுத்தின் ஓரத்தைச் சுற்றி 2 மி.மீ. விரிந்த நிழல் மாதிரி இருக்கும். புள்ளிக்கும் ல-வுக்கும் நடுவே 1.5 மி.மீ. இடைவெளி இருந்தாலும், இரு பக்கமிருந்தும் 2 மி.மீ. விரிவு வருவதால் இரண்டும் ஒன்றாகிவிடும். இடைவெளியில் பாதிக்கு மேல் விரித்தாலே தொட்டுவிடும்தான், ஆனால் அப்போது கழுத்து மெலிந்து நிற்கும். தாராளமாக விரிப்பது அதனால்தான்.

இந்த வகையில் வரும் அடுத்த கேள்வி: "பின்னாடியும் எழுத்து எழும்பி வருமா?" வராது. பிரிண்டர் கீழிருந்து மேலே கட்டிக்கொண்டு போகிறது. பின்பக்க எழுத்து மேடையில் உட்கார்ந்தால், அதற்கு மேலே வரும் பலகையின் பெரும்பகுதி அந்தரத்தில் தொங்கும். சரிவாக வெளியே போகும் சுவரென்றால் 45 பாகை வரை பிரிண்டர் சமாளிக்கும். தட்டையாகத் தொங்குவதைத் தாங்க முட்டு கொடுக்க வேண்டும். அந்த முட்டுகளைப் பிய்த்தெடுத்த இடம் சொரசொரப்பாகிவிடும். அதற்குப் பதிலாகப் பின்பக்க எழுத்தை 0.6 மி.மீ. பள்ளமாகக் குழித்துத் தருகிறோம். கோடு 2 மி.மீ. அகலம்தான் என்பதால், பள்ளத்தின் கூரையை இழைகள் இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கயிறுபோல் இழுத்து மூடிவிடும்.

இங்கேயும் சுழிக்குள் தீவு உண்டு. முதல் மூன்று லேயர் வரை அது மேடையில் தன்னந்தனியாக நிற்கும். நான்காவது லேயரில் கூரை வந்த பிறகுதான் பலகையோடு சேரும். 1 மி.மீ. அளவுள்ள தீவு அதுவரை தாக்குப்பிடிக்காது, நாசில் உரசியே பெயர்ந்துவிடும். அப்படி நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம்: கீசெயினைத் திருப்பிப் பாருங்கள். க-வின் சுழி இருக்க வேண்டிய இடத்தில் தொய்ந்த இழைகளோடு ஒரு குழி தெரிந்தால், தீவு போய்விட்டது. அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம். இதைத் தவிர்க்கத்தான் பின்பக்க எழுத்தின் சுழிகளை ஃபான்ட்டில் இருப்பதைவிட அகலமாக வரைகிறோம்.

சாவி வளையத்துக்கான துளை 4 மி.மீ., அதைச் சுற்றி 2.5 மி.மீ. சதை. இதில் பேரம் இல்லை. இன்னொன்று: பிஎல்ஏ வகை பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்தால் வளைந்துவிடும். கார் சாவிக்கு என்று சொன்னால், அதைவிடச் சூடு தாங்கும் பிஇடிஜி பிளாஸ்டிக்கில் போட்டுத் தருவோம்.

ஆர்டர் அனுப்பும்போது பெயரைத் தட்டச்சாகவே அனுப்புங்கள். சொந்த டிசைன் என்றால் எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிய எஸ்விஜி கோப்பு வேண்டும். இல்லாவிட்டால் சில மென்பொருள்களில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடுகிறது. மாதிரிப் படம் வந்ததும் புள்ளியின் இடத்தையும் பாலங்களையும் பார்த்து, மாற்ற வேண்டியதை அப்போதே சொல்லிவிடுங்கள். நீங்கள் சரி சொன்ன பிறகுதான் அச்சுக்குப் போகும்.

அன்புடன்,
கடையிலிருந்து