செயலாளர் ஆண்டறிக்கை: முதல்முறை வந்தவர்கள் மறுபடி வந்தார்களா?

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகத் தருகிறார். நான் வாராந்திரச் சந்திப்புக்குப் புதிதாக வந்தவர்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். கூட்டம் நிறைந்திருக்கிறதே என்று பல மாதங்கள் நிம்மதியாக இருந்தோம். வந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று பார்க்கவில்லை.

முதலில் எண்ணியபோதே தவறு செய்தேன். ஆண்டுத் தொடக்கத்தில் வந்தவர்களில் நிறையப் பேர் பிறகு வந்திருந்தார்கள், அண்மையில் வந்தவர்களில் மிகச் சிலரே. சந்திப்பின் தரம் குறைந்துவிட்டதோ என்று கவலைப்பட்டேன். உண்மையில், முன்னால் வந்தவர்களுக்குத் திரும்பி வரப் பல மாதங்கள் கிடைத்திருந்தன, பின்னால் வந்தவர்களுக்குச் சில வாரங்களே கிடைத்தன. அதனால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைத்தோம்: முதல் வருகைக்குப் பின் 4 வாரங்களுக்குள் ஒருமுறையாவது வந்தால் 'திரும்பியவர்'. அந்த 4 வாரம் முடியாதவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள். பெயரை இரண்டு விதமாக எழுதியவர்கள் இருமுறை புதியவர்களாகப் பதிவாகியிருந்ததால், பதிவேட்டில் தொலைபேசி எண்ணை வைத்துச் சரிபார்த்தோம்.

அப்புறம் ஒரே ஒரு மாற்றத்தைச் சோதித்தோம். புதியவர் பக்கத்தில் ஓர் உறுப்பினர் உட்கார்ந்து பேசுவார், அடுத்த வாரத் தலைப்பைச் சொல்வார், மறுநாள் ஒரு செய்தி அனுப்புவார். இதை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் செய்தோம். தொடர்ந்து செய்திருந்தால், விடுமுறைக் காலத்தாலோ நல்ல பேச்சாளராலோ வந்த மாற்றத்தையும் இதன் கணக்கில் எழுதியிருப்போம்.

துணை இருந்த வாரங்களில் வந்த 24 புதியவர்களில் 12 பேர் திரும்பினார்கள். மற்ற வாரங்களில் வந்த 22 பேரில் 6 பேர். மகிழ்ச்சிதான், ஆனால் அந்த 12 பேரில் 3 பேர் வராமல் போயிருந்தால் வித்தியாசம் பாதிக்குமேல் கரைந்திருக்கும். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயலும் இந்த அளவுக்கு விளையாடும்.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொரு பிரிப்பு. உறுப்பினரின் நண்பராக வந்தவர்களில் துணை இருந்த வாரங்களில் 7 பேரில் 4 பேரும், மற்ற வாரங்களில் 8 பேரில் 4 பேரும் திரும்பினார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார். தனியாக வந்தவர்களிடம்தான் வேறுபாடு தெரிகிறது: துணை இருந்தபோது 17 பேரில் 8 பேர், இல்லாதபோது 14 பேரில் 2 பேர் மட்டுமே. இப்படிப் பிரித்துப் பார்க்கத் தோன்றியது எண்ணி முடித்த பிறகுதான் என்பதால், இதைப் புதிய ஆட்களிடம் மறுபடி சோதிக்க வேண்டும்.

அடுத்த 6 மாதங்களும் இதே முறையில் தொடர விரும்புகிறேன். சந்திப்பு நேரத்தை மாற்றச் சில உறுப்பினர்கள் கேட்டிருக்கிறார்கள். அதைச் சோதனை முடியும்வரை தள்ளிவைக்கும்படி நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று பிரிக்க முடியாது. வாசலில் பதிவேடு எழுத இன்னும் இருவர் தேவை. "யாருடன் வந்தீர்கள்?" என்ற கேள்வியைத் தவறாமல் கேட்பவர்களாக இருந்தால் நல்லது.

செயலாளர்