இருபது நிமிஷம் போதும், அம்மு

அம்மு,

போன வாரம் பேசும்போது "இருபது நிமிஷத்துக்கு மேல உட்கார்ந்து படிக்க முடியலப்பா" என்று சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். அதற்கப்புறம் நீ கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. ரிசல்ட் பற்றி நான் கேட்கப் போவதில்லை. தூங்குகிறாயா என்று மட்டும் சொல்.

அத்தை அத்தனை வருஷம் கழித்துப் பரீட்சை எழுதினாளே, அவளுக்கும் இதே கதைதான். அவள் செய்தது ஒன்றே ஒன்று. படிக்கும்போது மனசு எப்போதெல்லாம் நழுவியதோ, ஒரே வரியை மறுபடி படித்தாளோ, அப்போதெல்லாம் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து நேரத்தையும் எழுதினாள். மூன்று நாள் பார்த்ததில் புள்ளிகள் பதினேழாவது, பதினெட்டாவது நிமிஷத்தில்தான் தொடங்கின. அதனால் பதினைந்திலேயே எழுந்துவிட்டாள். களைத்த பிறகு எழுந்தால், அடுத்த தடவை உட்காரவே மனசு வராது என்பாள்.

ஐந்து நாளில் நாலு நாள் புள்ளி இல்லாமல் முடிந்தால்தான் ஐந்து நிமிஷம் கூட்டுவாள். நீளத்தைக் கூட்டும் வாரத்தில் தடவைகளைக் கூட்டமாட்டாள். இடைவெளியில் போனைத் தொடமாட்டாள், ஏனென்றால் அதில் பார்த்தது மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். சும்மா நடந்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். ஒரு தடவை அவசரப்பட்டு இருபத்தைந்திலிருந்து நாற்பத்தைந்துக்குத் தாவினாள். முதல் நாள் சரியாகத்தான் போனது, மூன்றாம் நாள் தலைவலி, திரும்ப இருபதுக்கே வந்து பத்து நாள் போனது. ஐம்பதைத் தொட இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அப்புறம்தான் நடுவில் பத்து நிமிஷம் விட்டு இரண்டு ஐம்பதைச் சேர்த்தாள், அதிலும் முதல் ஐம்பதில் கணக்குப் போட்டால் இரண்டாவதில் படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பாள். நீண்ட நேரம் என்பது அவ்வளவுதான், இடைவெளியே இல்லாமல் மூன்று மணி நேரம் படிப்பது லேசில் யாராலும் முடியாது.

இதை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை அம்மு. பத்தாவதில் கதவை வெளியே பூட்டிவிட்டு மூன்று மணி நேரம் உட்கார வைத்தேன். பக்கம் புரட்டும் சத்தம் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். நீ படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை, சத்தம் போடக் கற்றுக்கொண்டாய். அது என் தப்பு. களைப்பாக இருக்கிறது என்று அன்றைக்கே சொன்னாய், சோம்பேறித்தனம் என்றேன்.

காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறது என்றாயே, அதுதான் என்னை அரிக்கிறது. நன்றாகத் தூங்கியும் அப்படி இருந்தால் இந்தப் புள்ளி வைக்கிறதெல்லாம் உதவாது. ரத்தசோகையா, தைராய்டா என்று டாக்டரிடம் கேட்டு ரத்தப் பரிசோதனை செய்துவிடு. தள்ளிப் போடாதே, இந்த வாரமே செய்துவிடு. காய்ச்சல் வந்தாலோ தூக்கம் கெட்டாலோ ஒரு படி கீழே இறங்கிக்கொள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அத்தையிடம் அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. அனுப்பச் சொல்லவா?

அப்பா