ஒரு ஓட்டின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒரு ஓட்டால் முடிவு மாறாது, வரிசையில் நிற்பது வீண் என்ற கட்டுரையைப் படித்தேன். 1957-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆந்தனி டவுன்ஸ் போட்ட கணக்கும் இதுதான். ஆனால் கோடிக்கணக்கானோர் போய் நிற்கிறார்களே? 1968-இல் அரசியல் அறிஞர்கள் ரைக்கரும் ஆர்டஷூக்கும் கடமை உணர்வு தரும் நிறைவையும் கணக்கில் சேர்த்தார்கள். சரி, கூட்டல் ஒத்துவந்தது. ஆனால் ஓட்டுப் போட்டவருக்கு அந்த நிறைவு இருந்தது, போடாதவருக்கு இல்லை என்றால் எதை விளக்கினோம்? வாக்காளர் லாப நட்டக் கணக்குப் பார்த்தே ஓட்டுப் போடுகிறார் என்ற இந்தக் கோட்பாட்டை 1994-இல் அரசியல் அறிஞர்கள் கிரீனும் ஷாப்பிரோவும் விடாமல் குடைந்தது இப்படித்தான்.

அதே கிரீன், வேறு இருவரோடு சேர்ந்து 2006-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சோதனையே செய்து பார்த்தார். முந்தைய தேர்தல்களில் நீங்களும் அக்கம்பக்கத்தாரும் ஓட்டுப் போட்டீர்களா என்ற பட்டியலைத் தபாலில் அனுப்பி, இந்தத் தேர்தல் முடிந்ததும் புதுப் பட்டியல் வரும் என்றும் எழுதினார்கள். கடிதமே போகாத வீடுகளில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். பட்டியல் போன வீடுகளில் 38. கடமையை மட்டும் நினைவூட்டிய கடிதம் கூட்டியது 2 சதவீதப் புள்ளிகள்கூட இல்லை. பக்கத்து வீட்டாரின் பார்வைக்கு இவ்வளவு எடை இருக்கும்போது, கட்டுரையாளர் வாக்காளரைத் தனி ஆளாக வைத்துக் கணக்குப் போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்