வி.பி.எஃப். படிவத்தை நீட்டும் முன்: சம்பளப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரி சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் சம்பளப் பட்டியல் போடும் அன்பர்களுக்கு,

வணக்கம். இந்த வட்டாரத்தில் மாதச் சம்பளக்காரர்களுக்கு வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவர்கள் நாங்கள். ஜூலையில் எங்களிடம் வரும்போது தொழிலாளரால் எதையும் மாற்ற முடியாத ஒரு விஷயத்தை, மார்ச்சிலேயே நீங்கள் ஒரு வரியில் தடுத்துவிடலாம். அதற்காகத்தான் இந்த மடல்.

2021 ஏப்ரல் 1 முதல், தொழிலாளர் தம் பங்காக ஓர் ஆண்டில் பி.எஃப்.பில் கட்டும் தொகை 2,50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்குக் கிடைக்கும் வட்டிக்கு வரி உண்டு. இந்த வரம்பில் சேருவது தொழிலாளரின் கட்டாயப் பங்கும், அவராக விரும்பிக் கட்டும் வி.பி.எஃப்.பும் மட்டுமே. நிறுவனத்தின் பங்கு இதில் வராது. அதற்கு 7,50,000 ரூபாய் என்று வேறொரு வரம்பு தனியாக இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, 'ஏழரை லட்சம் வரை கவலை இல்லை' என்று தொழிலாளரிடம் சொல்லிவிட வேண்டாம். ஜி.பி.எஃப். பிடிக்கப்படும் அரசு ஊழியர்களுக்கு, அந்தக் கணக்கில் முதலாளியின் பங்கே இல்லாததால், வரம்பு 5,00,000. உங்கள் தொழிற்சாலைக்கு அது பொருந்தாது.

இந்தச் சட்டத்தைப் பற்றிப் பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. வரம்பைத் தாண்டிய அந்த ஓர் ஆண்டு வட்டிக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்கிறார்கள். அப்படியில்லை. 2021 ஆகஸ்டில் வந்த விதி 9டி, ஒவ்வொருவரின் பி.எஃப். கணக்கையும் உள்ளுக்குள் இரண்டாகப் பிரிக்கிறது: வரியில்லாப் பகுதி, வரிக்குரிய பகுதி. 2021 மார்ச் 31 வரை சேர்ந்திருந்த பணம் முழுவதும் முதல் பகுதியில் பத்திரமாக இருக்கிறது. அதன் பிறகு ஆண்டுக்கு 2,50,000 வரை கட்டுவதும் அங்கேதான் போகும். அதற்கு மேல் கட்டுவது இரண்டாம் பகுதிக்குப் போகிறது. அதன் வட்டியும் அங்கேயே சேர்கிறது. அந்தப் பணம் கணக்கில் இருக்கும் வரை ஆண்டுதோறும் அதன் வட்டிக்கு வரி உண்டு. அடுத்த ஆண்டு குறைவாகக் கட்டினால், மீதமிருக்கும் இடத்துக்கு அதைத் திரும்ப நகர்த்திக்கொள்ளவும் வழியில்லை.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 1,50,000 ரூபாய். 12 சதவீதப் பிடித்தம் 18,000. 'வட்டி நல்லா வருது' என்று அவர் வி.பி.எஃப்.பாக இன்னும் 12,000 போடச் சொல்கிறார். மாதம் 30,000, ஆண்டுக்கு 3,60,000. ஏப்ரலில் முதல் தவணை விழுந்தால், எட்டாவது தவணையான நவம்பர் வரை 2,40,000 சேரும். டிசம்பர் தவணையில் 10,000 வரியில்லாப் பகுதிக்கும் 20,000 வரிக்குரிய பகுதிக்கும் போகும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தவணைகள் முழுசாக வரிக்குரியவை. ஆக, வரிக்குரிய பகுதியில் ஆண்டு முடிவில் 1,10,000.

பி.எஃப். வட்டி மாதாந்திர இருப்பின் மேல் கணக்கிடப்படுகிறது. ஒரு மாதம் கட்டியதற்கு அடுத்த மாதம் முதல் வட்டி. எனவே முதல் ஆண்டில் ஜனவரிக்கு 20,000, பிப்ரவரிக்கு 50,000, மார்ச்சுக்கு 80,000 என்ற இருப்புகளுக்குத்தான் வட்டி. 8.25 சதவீதத்தில் அது சுமார் 1,031 ரூபாய். இங்கேதான் ஏமாற்றம் தொடங்குகிறது. வரிக்குரிய வட்டி 10,000 ரூபாய் வரை இருந்தால் பி.எஃப். அலுவலகம் டி.டி.எஸ். பிடிப்பதில்லை; 2025 மார்ச் வரை இந்த வரம்பு 5,000 ஆக இருந்தது. பிடிக்காததால் வரி இல்லை என்று அவர் நினைத்துக்கொள்கிறார். வரி உண்டு. தாமே கணக்கில் காட்ட வேண்டும்.

அடுத்த ஆண்டு விழித்துக்கொண்டு வி.பி.எஃப்.பை முழுதும் நிறுத்திவிடுகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய 1,11,031 அங்கேயே இருக்கிறது. இப்போது அதற்கு முழு ஆண்டு வட்டி: 9,160 ரூபாய். இதுவும் 10,000-க்குள் இருப்பதால் டி.டி.எஸ். இல்லை. 10,000-ஐத் தாண்டினால்தான் 10 சதவீதம், பான் எண் இணைக்காவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள். ஆனால் 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு, செஸ்ஸுடன் உண்மையான வரி 2,858. அது முழுவதையும் அவர்தான் கட்ட வேண்டும். ஒரு ரூபாயும் கூடுதலாகக் கட்டாத ஆண்டிலேயே இந்த நிலை. அவர் கையில் நிற்கும் வட்டி விகிதம் 8.25 அல்ல, சுமார் 5.7 சதவீதம். 80சி கழிவும் இந்தக் கூடுதல் தொகைக்குக் கிடையாது. பழைய வரி முறையில் இருந்தாலும் அவருடைய கட்டாயப் பங்கான 2,16,000 ஒன்றே 1,50,000 ரூபாய் வரம்பை நிரப்பிவிடுகிறது.

இவருக்கு வி.பி.எஃப்.புக்கு இடமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2,50,000-இல் 2,16,000 போக 34,000 இருக்கிறது. மாதம் 2,833 ரூபாய் வரை தாராளமாகப் போடலாம். அந்த எண்ணைத்தான் அவரிடம் யாரும் சொல்வதில்லை. படிவத்தில் 'கூடுதல் பிடித்தம் எவ்வளவு' என்ற கட்டத்துக்கு மேலே 'உங்களுக்கு மீதமுள்ள வரம்பு இவ்வளவு' என்று அச்சிட்டுக் கொடுங்கள். 2,50,000-இலிருந்து கட்டாயப் பங்கின் பன்னிரண்டு மடங்கைக் கழித்தால் அந்த எண் வந்துவிடும். உங்கள் மென்பொருளில் அது ஒரு கழித்தல் கணக்கு.

அந்த எண்ணை ஒருமுறை போட்டதோடு விட்டுவிடவும் வேண்டாம். ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாகி நிலுவை வரும் மாதத்தில், நிலுவைக்கும் சேர்த்து 12 சதவீதம் பிடிக்கிறீர்கள். வரம்புக்குள் கவனமாகக் கணக்குப் போட்டு வி.பி.எஃப். கொடுத்தவர் அந்த ஒரே மாதத்தில் தாண்டிவிடுவார். நிலுவைப் பட்டியல் போடும் அன்றே இருப்பு வரம்பை மறுபடி பார்த்து, தொழிலாளரிடம் ஒப்புதல் வாங்கி வி.பி.எஃப்.பைக் குறையுங்கள். வி.பி.எஃப்.பை ஏப்ரலில் மட்டுமே மாற்றலாம் என்பது பல நிறுவனங்கள் தாமாக வைத்துக்கொண்ட பழக்கம். நவம்பரில் இன்னொரு முறை கதவைத் திறந்துவிட்டால், மேலே சொன்னவருக்கு டிசம்பர் தவணையிலேயே நிறுத்த முடிந்திருக்கும்.

அடிப்படைச் சம்பளம் 1,73,611 ரூபாய்க்கு மேல் இருந்து, முழுச் சம்பளத்துக்கும் பிடித்தம் செய்தால், கட்டாயப் பங்கே வரம்பைத் தாண்டிவிடும். அவர்களுக்கு வி.பி.எஃப். படிவமே கொடுக்காதீர்கள். கொடுத்தாலும், ஒவ்வொரு ரூபாயும் வரிக்குரிய பகுதிக்கே போகும் என்று எழுதிக் கொடுங்கள்.

சொந்த பி.எஃப். டிரஸ்ட் நடத்தும் நிறுவனங்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். தொழிலாளர் வேலை மாறிப் பணம் வேறு கணக்குக்குப் போகும்போது, வரிக்குரியது எவ்வளவு, வரியில்லாதது எவ்வளவு என்று பிரித்து அனுப்புங்கள். 2025-இல் பி.எஃப். அமைப்பு இந்தப் பிரிப்புக்கென்றே படிவம் 13-இன் செயல்முறையைத் திருத்தியிருக்கிறது. ஒரே மொத்தமாக அனுப்பினால், எதற்கு வரி, எதற்கு இல்லை என்று புதிய இடத்தில் கண்டுபிடிக்கப் பழைய பாஸ்புக்குகளை வரிவரியாகக் கூட்ட வேண்டியிருக்கும்.

கடைசியாக, படிவம் 16 கொடுக்கும்போது உடன் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். இந்த வட்டி படிவம் 16-இல் வராது. பி.எஃப். பாஸ்புக்கின் அடியில் வரிக்குரிய விவரம் என்று ஆண்டுவாரியாக ஒரு தனி அட்டவணை இருக்கிறது. தொகையை அங்கே பார்த்து, 26ஏஎஸ்ஸில் டி.டி.எஸ்.ஸைச் சரிபார்த்து, வரிக் கணக்கில் 'பிற வருமானம்' பகுதியில் பி.எஃப். வட்டிக்கென்று இருக்கும் வரிசையில் காட்ட வேண்டும். வட்டி விகிதம் அறிவித்துக் கணக்கில் ஏறச் சில மாதங்கள் ஆவதால், டி.டி.எஸ். அடுத்த ஆண்டின் 26ஏஎஸ்ஸில் வந்து நிற்கக்கூடும் என்பதையும் அதில் எழுதுங்கள்.

அடுத்த ஏப்ரல் பட்டியலுக்கு முன் மீதமுள்ள வரம்பு அச்சிட்ட படிவத்தைக் கொண்டுவர விரும்பும் சம்பளப் பிரிவினருக்கு, மாதிரி அட்டவணையை நாங்களே போட்டுத் தருகிறோம். கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வரிக் கணக்கு எழுதுவோர் சிலர்