மூன்று ஏக்கர், அறுபது மூடை

அன்பின் ரவி,

உன் கடிதமும் வினாக்கொத்தும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் ஏ.எல். எழுதி முடித்துவிட்டு இப்போது பகல் பத்து மணிவரை நித்திரை. அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், ஆனால் கோயிலுக்குப் போவதென்றால் மட்டும் வலி இல்லை. நீ ஆவணியில் இந்தப் பக்கம் வருவதாக எழுதியிருந்தாய். வா, வீட்டிலேயே தங்கலாம்.

சரி, கமக்காரரிடம் கேட்க நீ செய்த வினாக்கொத்து. அழகாகத்தான் செய்திருக்கிறாய். ஆனால் ஏழாம் கேள்வியோடு தம்பலகாமத்துக்கு வந்தாயென்றால் மரியாதைக்கு ஒரு பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ‘கடந்த வருடம் எத்தனை ஹெக்டேயரில் நெல் செய்தீர்கள், விளைச்சல் எத்தனை கிலோ?’ என்று கேட்டிருக்கிறாய். இங்கே வயலில் ஹெக்டேயர் பேசும் ஆள் கிடையாது. ஏக்கரும் மூடையும்தான், கொஞ்சம் வயதானவர்களென்றால் புசல். உங்கள் ஊர்ப் பரப்புக் கணக்கைக் கொண்டுவந்தாலும் தலையாட்டிவிட்டு ஏக்கரில்தான் பதில் வரும். அவர் எந்த அளவில் சொல்கிறாரோ அதை அப்படியே எழுது. கிலோவாக்குவதும் ஹெக்டேயராக்குவதும் உன் மேசை வேலை. வெயிலில் நின்றுகொண்டு அவர் மனக்கணக்கில் பெருக்கிச் சொல்லும் எண்ணில் என்ன பிழை நடந்ததென்று பிறகு ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு உதாரணம் வைத்துச் சொல்கிறேன். இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து வயல்காரர் என்று வை. இருவரும் உன் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: ‘மூன்று ஏக்கர், அறுபது மூடை.’ நீ மூடைக்கு 75 கிலோ என்று வைத்துப் போட்டால் 4,500 கிலோ, ஏக்கருக்கு 1,500. பார்க்க நம்பும்படியான எண். அதனால்தான் ஒருவரும் திரும்பிக் கேட்பதில்லை.

முதல் ஆளின் மூன்று ஏக்கர், அனுமதிப்பத்திரத்தில் உள்ள மூன்று ஏக்கர். குடியேற்றத் திட்டக் காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதுவது இலேசான காரியம் இல்லை. அதனால் பத்திரம் அப்பாவின் பெயரில் முழுசாக இருக்கும், வரம்புக்கு அந்தப் பக்கம் அரை ஏக்கரைத் தம்பி செய்வான். கமநல சேவை நிலையத்துப் பதிவு, உர மானியம் எல்லாமே பத்திரத்து அளவில் நடப்பதால், கையில் கோப்போடு வரும் உன்னைப் பார்த்ததும் வாயில் அந்த எண்தான் வரும். பொய் சொல்கிறார் என்று நினைக்காதே. நீ கேட்டது அவர் காதில் ‘உங்கள் காணி எவ்வளவு?’ என்றுதான் விழுந்தது, அதற்குரிய பதிலைத்தான் சொன்னார்.

இதற்கு நான் கண்ட நல்ல வழி, காணியை விட்டுவிட்டு மெசினைக் கேட்பது. ‘வெட்டு மெசினுக்கு எத்தனை ஏக்கருக்குக் காசு கொடுத்தீர்கள்?’ மெசின்காரன் குறைத்து எழுத விடமாட்டான், கமக்காரர் கூட்டி எழுத விடமாட்டார். இருவரும் சண்டை பிடித்து ஒத்துக்கொண்ட எண் அது. மணிக்கணக்கில் வெட்டியிருந்தால் உழவுக் கூலியைக் கேள். அதுவும் சரிவராவிட்டால் விதைநெல். எறிந்து விதைத்தால் ஏக்கருக்கு இரண்டு புசல் அளவில்தான் விவசாயத் திணைக்களம் சொல்வது. நம் ஆட்கள் அதற்கு மேலேதான் எறிவார்கள், கையின் தாராளம் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே அதை வைத்து நிலத்தைக் கணிக்காதே, மற்ற இரண்டும் முட்டிக்கொண்டால் ஒத்துப்பார்க்க மட்டும் வைத்துக்கொள். போனில் ஜி.பி.எஸ். வைத்து வரம்பைச் சுற்றி நடக்கலாம்தான். ஆனால் போன் காட்டும் இடம் சில மீற்றர் அங்கே இங்கே இருக்கும், அரை ஏக்கர்த் துண்டில் அந்தச் சில மீற்றரே பெரிய பங்கு.

அப்புறம் மூடை. முதல் ஆள் அறுபது என்றது வியாபாரி ஏற்றிப் போனது. சாப்பாட்டுக்கும் விதைக்கும் என்று எட்டு மூடை வீட்டில் இறங்கியிருக்கும், அதை அவர் விளைச்சலில் சேர்க்கவே இல்லை, ஏனென்றால் அதற்குக் காசு வரவில்லை. மெசின்கூலியையோ குத்தகையையோ நெல்லாகக் கொடுத்திருந்தால் அதுவும் இப்படித்தான் விடுபடும். மூடை எத்தனை கிலோ என்று கேள். 65 என்பார் ஒருவர், 70 என்பார் இன்னொருவர், பைக்கும் ஈரத்துக்கும் வியாபாரி கழித்தது போகவா கழிக்க முன்பா என்று அதற்கு மேலும் ஒரு கேள்வி வேண்டும். வெட்டு மெசினால் இறங்கும் நெல் பச்சை. 22 வீத ஈரத்தில் எடைபோட்டதை, நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்கும் 14 வீதத்துக்குக் கொண்டுவர 78ஐ 86ஆல் பிரித்துப் பெருக்க வேண்டும். நூறு கிலோ ஏறக்குறைய 91 ஆகிவிடும்.

இப்போது போட்டுப்பார். முதல் ஆளுக்கு உண்மையில் 68 மூடை, 65 கிலோப்படி 4,420 கிலோ, காய்ந்தால் சுமார் 4,010. வெட்டியது இரண்டரை ஏக்கர். ஏக்கருக்கு 1,604 கிலோ. புசல் 20.87 கிலோ என்ற கணக்கில் 77 புசல் அளவில் வரும். பக்கத்து வயல்காரர் உண்மையிலேயே மூன்று ஏக்கர் வெட்டினார், வீட்டுக்கு ஒன்றும் வைக்கவில்லை, அறுபதையும் அதே 65 கிலோ மூடையில் பச்சையாக விற்றார். அவருக்கு ஏக்கருக்கு 1,179 கிலோதான். உன் தாளில் இருவரும் 1,500. முதல் ஆளுக்குப் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிட்டன, இரண்டாவது ஆளுக்கு எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டன. விளைச்சல் தப்பினாலும் செலவு தப்பாது: முதல் ஆள் ஐந்து உரப்பை யூரியா போட்டது இரண்டரை ஏக்கருக்கு. மூன்றால் பிரித்தால் கஞ்சன் என்று எழுதிவிடுவாய்.

‘கடந்த வருடம்’ என்பதையும் எடுத்துவிடு. பெரும்போகம் புரட்டாதி ஐப்பசியில் தொடங்கி மாசி பங்குனியில் வெட்டு முடிகிறது, வருடம் நடுவில் மாறிவிடுகிறது. ‘சித்திரை வருடப்பிறப்புக்கு முன் வெட்டியது’ என்று கேள், குழப்பம் இல்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்பை வைத்துக் கேட்க ஆசை வரும், ஆனால் நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்கிறது, இரண்டு மூன்று வருடம் பின்னோக்கிக் கேட்டால் காலை வாரிவிடும். சிறுபோகத்துக்கு வேறு தாள் வை. குளத்தில் தண்ணீர் குறைந்த வருடம் போகக் கூட்டத்தில் பெத்ம முறை முடிவாகும். வாய்க்காலின் தலைப்பக்கத்து வயலை மட்டும் எல்லோருக்கும் பங்குபோட்டுக் கொடுப்பார்கள். அந்தப் போகத்தில் அவர் செய்தது தன் காணியே அல்ல, வேறொருவரின் வயலில் ஒரு துண்டு. ‘உங்கள் காணியில்’ என்று கேட்டால் ‘ஒன்றும் செய்யவில்லை’ என்பார். அதுவும் உண்மை. 2024 கார்த்திகை வெள்ளம் போல வந்தால் விதைத்த ஏக்கரும் வெட்டிய ஏக்கரும் வேறு வேறு, திரும்ப விதைத்த நெல்லும் இரண்டாம் உழவும் செலவில் தனி வரி.

செலவில் ஒன்றே ஒன்று. பசளையும் களைநாசினியும் கடைக்காரரிடம் கடனுக்கு எடுத்து, வெட்டியதும் நெல்லாகக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் ‘விலை என்ன?’ என்றால் கடனுக்கு எழுதிய விலை வரும், அதற்குள் வட்டி இருக்கிறது. ‘காசுக்கு எடுத்தால் எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு, எத்தனை மூடை கொடுத்துத் தீர்த்தீர்கள், அன்று மூடை என்ன விலைக்குப் பிடித்தார்?’ என்று நான்காக உடை. கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், ஏனென்றால் அன்றைய சந்தை விலையிலிருந்து மூடைக்கு இவ்வளவு போனது என்று அவர்களுக்கே தெரியும். கடைக்காரர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் கேட்டுவிடாதே.

ஏழாம், ஒன்பதாம், பதினான்காம் கேள்விகளைத் திருத்தி அனுப்பு. நான் இங்கே தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் கேட்டுப் பார்த்து எழுதுகிறேன். வரும்போது பனங்கட்டி கொஞ்சம் கொண்டுவா, அம்மா கேட்கச் சொன்னா.

அன்புடன்,
குமார்