பருவ நிறைவும் டியூஷனும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக நிறைவடைந்தது. விளையாட்டு விழாவும் அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தன. பரிசு பெற்ற மாணவர்களுக்கு வாழ்த்துகள்.

டியூஷன் பற்றி உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் ஒரு கணித வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். x + 5 = 12 என்று ஆசிரியர் எழுதி முடிப்பதற்குள் பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. அத்தனை பேரும் டியூஷனில் அந்தப் பாடத்தை முன்பே முடித்தவர்கள். விடை சட்டென்று வந்ததால், வகுப்புக்கே புரிந்துவிட்டது என்று நினைத்து ஆசிரியர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். என் பக்கத்திலிருந்த மாணவி, "5 அந்தப் பக்கம் போனால் ஏன் கழிக்கிறோம்?" என்று நோட்டின் ஓரத்தில் எழுதியிருந்தாள். வாய்திறந்து கேட்கவில்லை. டியூஷனுக்கு அனுப்ப அவள் வீட்டில் வசதியில்லை. பள்ளியில் அவளுக்குச் சேர வேண்டிய விளக்கம் அன்று கண்ணெதிரே நழுவிப்போனது.

கை உயர்த்தியவர்களில் ஒருவனிடம் 3x = 12 என்று எழுதிக் கொடுத்தேன். "பக்கம் மாறினால் குறி மாறும்" என்று சொல்லியபடியே 12-இலிருந்து 3-ஐக் கழித்து, விடை 9 என்றான். 3-ஐ 9-ஆல் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். 27 வந்ததும் விழித்தான். விதி அவனுக்கு மனப்பாடம். இரு பக்கமும் ஒரே செயலைச் செய்கிறோம் என்பதை யாரும் அவனுக்குக் காட்டவில்லை. அந்த மாணவி கேட்க நினைத்ததும் அதுதான்.

டியூஷனை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. தென்கொரியா 1980-இல் தனிப்பயிற்சியைத் தடை செய்து பார்த்தது. அது மறைவாகத் தொடர்ந்தது; கட்டணம்தான் ஏறியது. 2000-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. உங்கள் கவலையும் எனக்குப் புரிகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகும்போது நம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பயம் யாருக்கும் வரும்.

ஆனால் சிலவற்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். கோச்சிங் வகுப்புத் தேர்வுக்காகப் பள்ளிக்கு விடுப்பு கேட்காதீர்கள், தரமாட்டோம். எங்கள் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பு மாணவர்களுக்குக் கட்டணம் வாங்கி டியூஷன் எடுக்க அனுமதியில்லை. அப்படி எடுக்கும்படி அவர்களை நெருக்கவும் கூடாது. வகுப்பில் பாதியைச் சொல்லி மீதியை மாலைக்கு வைக்கத் தொடங்கினால், பணம் கட்ட முடியாத பிள்ளைக்குப் போக இடமில்லை.

எங்கள் பக்கமும் குறை இருக்கிறது. அடுத்த பருவத்திலிருந்து கை உயர்த்துபவரை மட்டும் கேட்கும் வழக்கத்தை விடுகிறோம். பாடத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லோரும் ஒரு கணக்கைத் தாளில் போட்டுக் கொடுப்பார்கள்; பாதிப் பேர் தவறினால் மறுநாள் அதே பாடம் மீண்டும் நடக்கும். வாரம் மூன்று மாலைகள் கட்டணமில்லாத சந்தேக வகுப்பும் உண்டு. டியூஷன் போகும் பிள்ளைகளும் வரலாம்.

இவ்வளவு தூரம் படித்ததற்கும், எங்கள்மீது வைத்திருக்கும் நம்பிக்கைக்கும் மனமார்ந்த நன்றி. மதிப்பெண் பட்டியல் வாங்க வரும்போது என் அறைக்கும் வாருங்கள், பேசலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்