'கீழ் வயிற்றுத் தசை' என்ற பாடத்தை நீக்கக் கோரி

உடற்பயிற்சிப் பயிற்றுநர்களுக்கான பாடத்திட்டக் குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் கையேட்டில் கீழ் வயிற்றுத் தசைக்கென்று தனிப் பயிற்சிகளை வகுத்திருக்கும் பகுதியை நீக்குமாறு முன்பே எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. இயன்முறை மருத்துவர் என்ற முறையில் மீண்டும் எழுதுகிறேன்.

அண்மையில் கீழ்முதுகு வலியோடு ஒரு பெண் என்னிடம் வந்தார். அடிவயிறு குறைய வேண்டும் என்று கேட்டவரைப் பயிற்றுநர் மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களை நீட்டியபடி தூக்கி இறக்கும் லெக் ரைஸை நாள்தோறும் செய்யச் சொல்லியிருக்கிறார். செய்துகாட்டச் சொன்னேன். கால்கள் பாதி தூரம் இறங்குவதற்குள் அவருடைய இடுப்புக்கும் தரைக்கும் இடையே என் கை நுழையும் அளவுக்கு முதுகு வளைந்து எழும்பியது. வயிறு எரிந்தால்தான் பலன் என்று சொல்லப்பட்டிருந்ததால், வலியையும் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் அறியாததல்ல: ரெக்டஸ் அப்டாமினிஸ் தசை, இடுப்பின் முன்னெலும்பிலிருந்து 5, 6, 7ஆம் விலா எலும்புகளின் குருத்தெலும்புகள் வரை, நடுக்கோட்டின் இருபுறமும் ஒரே பட்டையாக ஓடுகிறது. 'சிக்ஸ் பேக்' கட்டங்களைப் பிரிப்பவை அதன் குறுக்கே செல்லும் நார்க்கோடுகள். அவை தனித்தனித் தசைகளின் எல்லைகள் அல்ல. அப்பட்டை சுருங்கும்போது விலாவும் இடுப்பும் ஒன்றையொன்று நோக்கி இழுபடுகின்றன. வெவ்வேறு நரம்புகள் அதன் வெவ்வேறு உயரங்களுக்குச் செல்வதால், இடுப்பைச் சுருட்டும் பயிற்சியில் கீழ்ப்பகுதியின் பங்கு சற்றுக் கூடலாம். ஆனால் மேற்பகுதி ஓய்ந்திருக்க, கீழ்ப்பகுதி மட்டும் உழைப்பது நடவாது.

லெக் ரைஸில் கால்களைத் தூக்குவது வயிற்றுத் தசையே அல்ல. தொடை எலும்பை முதுகெலும்போடும் இடுப்போடும் இணைக்கும் இடுப்பு மடக்குத் தசைகளே அவ்வேலையைச் செய்கின்றன. அவை இழுக்கும் இழுப்பில் இடுப்பு முன்னோக்கிச் சாயாமல் பிடித்துக்கொள்வதே வயிற்றுத் தசையின் பங்கு. அந்தப் பிடி தளர்ந்ததும் கீழ்முதுகு வளைகிறது. அதற்குமேல் செய்யும் ஒவ்வொரு முறையும் சுமை முதுகுக்கே போகிறது. அந்தப் பெண்ணை முழங்காலை மடக்கி, முதுகு தரையில் பதிந்திருக்கும் வரை மட்டுமே கால்களை இறக்கச் சொன்னேன். அந்த அளவில் அவருக்கு வலி எழவில்லை. இந்த எளிய சோதனை உங்கள் கையேட்டில் ஒரு வரியாகக்கூட இல்லை என்பதே என் வருத்தம்.

அவர் விரும்பியதோ அடிவயிற்றுக் கொழுப்புக் குறைவதை. அடியிலுள்ள தசையை எவ்வளவு இயக்கினாலும் அதன் மேலுள்ள கொழுப்பு மட்டும் தனியே கரையாது. அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய பயிற்றுநர் உங்களிடம் சான்றிதழ் பெற்றவர். அவர் கற்றதைத்தான் கற்பித்தார் என்பதால், அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆகவே, அப்பகுதியை நீக்குங்கள் என்று மறுபடியும் கேட்கிறேன். அவ்விடத்தில் இத்தசை முழுமையாக இயங்கும் விதத்தையும், முதுகு எழும்பினால் நிறுத்த வேண்டும் என்ற விதியையும் சேர்க்க வேண்டுகிறேன். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் பதில் தந்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்